தையல் கடைக்குச் சிறு கடன்: ஒரு பக்கத் தொழில் திட்டம் எழுதும் பெண்களின் கேள்விகள்

ஒரே பக்கம் போதும் என்கிறார்கள். அதில் என்னதான் எழுதுவது?

உங்கள் விண்ணப்பத்தைப் படிப்பவர் நான்கு விஷயங்களைத் தேடுவார். தைக்கப்போவது யார், வாங்கும் பணம் எதற்குப் போகிறது, மாதம் எத்தனை உருப்படி தைத்து முடிக்க முடியும், தவணைப் பணம் எங்கிருந்து வரும். இவற்றில் முதல் இரண்டையும் எல்லோரும் எழுதிவிடுகிறார்கள். பின்னால் வரும் இரண்டில்தான் பெரும்பாலான பக்கங்கள் சறுக்குகின்றன. "நல்ல வருமானம் வரும்", "எங்கள் பகுதியில் தேவை அதிகம்" என்ற வரிகளை வைத்துக்கொண்டு அவரால் எதையும் கணக்கிட முடியாது.

ஆகவே அந்தப் பக்கத்தில் இரண்டு எண்கள் பளிச்சென்று தெரிய வேண்டும் என்பேன். மாதம் எத்தனை உருப்படி தைத்தால் கடைச் செலவும் தவணையும் தீரும் என்பது ஒன்று. எத்தனை தைத்தால் அதற்கு மேல் உங்கள் வீடும் நடக்கும் என்பது மற்றொன்று. முன்னதைக் கடைக் கோடு என்றும் பின்னதை வீட்டுக் கோடு என்றும் வைத்துக்கொள்வோம். மற்ற எல்லாம் இந்த இரண்டுக்கும் ஆதாரம்.

எதில் தொடங்குவது? எவ்வளவு கடன் கிடைக்கும் என்று முதலில் கேட்டுவிடலாமா?

அப்படித் தொடங்கினால் கிடைக்கும் தொகைக்கு ஏற்றபடி செலவை இழுத்து நீட்டத் தோன்றும். உங்கள் கையிலிருந்து தொடங்குங்கள். நீங்கள் அதிகம் தைக்கப்போவது எதுவோ, அதில் ஒன்றைக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு முழுதாகத் தைத்துப் பாருங்கள். இந்தப் பக்கம் முழுவதும் லைனிங் வைத்த பிளவுஸை எடுத்துக்கொள்கிறேன். ஏற்கெனவே வீட்டில் கால் மிஷினில் அக்கம்பக்கத்துக்குத் தைத்து வரும் ஒரு பெண், சிறு அறை ஒன்றை வாடகைக்குப் பிடித்துப் பவர் மிஷின் போட நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

அவருக்கு அளவு பார்த்து வெட்ட 25 நிமிடம், மிஷினில் தைக்க 75 நிமிடம், கொக்கி கட்டி, ஹெம்மிங் முடித்து, அயர்ன் போட 20 நிமிடம் ஆகிறது. மொத்தம் 2 மணி நேரம். உங்கள் நேரம் கூடவோ குறையவோ இருக்கலாம், அதனால் பரவாயில்லை. அது அளந்து பார்த்த நேரமாக இருக்க வேண்டும் என்பதே முக்கியம். மிஷின் ஓடும் நேரத்தை மட்டும் கணக்கில் எடுத்து, வெட்டுவதையும் கைவேலையையும் மறந்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. இங்கே அந்த இரண்டும் சேர்ந்து 45 நிமிடம். அதை விட்டுவிட்டால் திட்டம் முழுவதும் பொய்யாகிவிடும்.

அப்படியென்றால் 8 மணி நேரத்துக்கு 4 பிளவுஸ், மாதம் 100 என்று போடலாமா?

போட்டால் படிப்பவர் உடனே பிடித்துவிடுவார். கடை திறந்திருக்கும் 8 மணி நேரமும் நீங்கள் தைத்துக்கொண்டு இருக்கப்போவதில்லை. ஒருவர் அளவு கொடுக்க வருவார். ஒருவர் கழுத்து டிசைனைக் காட்டி அரை மணி நேரம் பேசுவார். நேற்று வாங்கிப் போனவர் கை இறுக்கமாக இருக்கிறது என்று பிரித்துத் தரச் சொல்வார். அந்தச் சேலைக்கு ஏற்ற நிறத்தில் நூலும் லைனிங்கும் தேடி ஒருமுறை வெளியே போய் வர வேண்டும். இதற்கெல்லாம் 2 மணி நேரம் ஒதுக்குங்கள்.

மீதி 6 மணி நேரத்தில் 3 பிளவுஸ். மாதம் 25 வேலை நாள் என்றால் 75. தனி ஒருவரின் கைக்கு இதுதான் உச்சம். திட்டத்தில் "அதிகபட்சம் 75" என்று எழுதிவிட்டு, கூடவே "நாளுக்கு 2 மணி நேரம் அளவெடுக்க, ஆல்ட்ரேஷனுக்கு, பொருள் வாங்க" என்று ஒரு வரியும் சேருங்கள். தையல் கடை எப்படி நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும் என்பதை அந்த ஒரு வரி காட்டிவிடும்.

செலவை எப்படிப் பிரித்து எழுதுவது? ஊருக்கு ஊர் விலை மாறுகிறதே.

மாறத்தான் செய்யும். அதனால் இங்கே எந்த நாட்டுக் காசையும் சொல்லாமல், ஒரு லைனிங் பிளவுஸ் தைக்க வாங்கும் கூலியை 100 என்று வைத்துக்கொண்டு மற்றவற்றை அதோடு ஒப்பிட்டுச் சொல்கிறேன். உங்கள் கூலியையும் உங்கள் வாடகையையும் அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். கணக்குப் போகும் வழி மாறாது.

செலவில் இரண்டு வகை உண்டு. தைத்தால் மட்டும் வரும் செலவு ஒன்று: நூல், கொக்கி, ஊசி, கழுத்துக்கு வைக்கும் கேன்வாஸ். நம் கணக்கில் உருப்படிக்கு 8. லைனிங் துணியை வாடிக்கையாளரே தருகிறார் அல்லது தனியாகக் காசு கொடுக்கிறார் என்று வைத்திருக்கிறேன். கூலிக்குள்ளேயே லைனிங்கும் அடங்கும் என்றால் அந்தத் துணியின் விலையையும் இந்த 8-உடன் கூட்டிவிட வேண்டும். இதை மறப்பவர்கள் கூலி நன்றாக வருகிறது என்று நினைத்துக்கொண்டே கையில் காசில்லாமல் இருப்பார்கள். ஆக, ஒரு பிளவுஸில் உண்மையாக நிற்பது 92.

மற்றது, தைத்தாலும் தைக்காவிட்டாலும் வரும் செலவு. அறை வாடகை மாதம் 1,200, மின்சாரம் 250, மிஷின் எண்ணெய், சர்வீஸ், போன் எல்லாம் சேர்த்து 150. மொத்தம் 1,600. மின்சாரம் ஓரளவு வேலையைப் பொறுத்துக் கூடிக் குறையும். ஒரு பக்கத் திட்டத்தில் அந்த நுணுக்கம் வேண்டாம், இங்கேயே வைத்துவிடலாம்.

என் சம்பளத்தையும் செலவில் காட்டலாமா? என் கடைதானே, எனக்கு எதற்குச் சம்பளம்?

கட்டாயம் காட்டுங்கள். பெண்கள் எழுதும் திட்டங்களில் அதிகமாக விடுபட்டுப்போகும் வரி இதுதான், பிறகு கடனைத் திணற வைப்பதும் இதுதான். காகிதத்தில் லாபம் பெரிதாகத் தெரியும். ஆனால் வீட்டுச் செலவு அந்த லாபத்திலிருந்துதான் போகிறது. பிள்ளையின் பள்ளிக் கட்டணம், மருந்து, அரிசி எல்லாம் கடைப் பெட்டியிலிருந்து எடுக்கப்படும். தவணை நாள் வரும்போது பெட்டி காலியாக இருக்கும். வியாபாரம் நன்றாக நடந்துகொண்டிருக்கும்போதே தவணை தவறுவது இப்படித்தான்.

நம் கணக்கில் வீட்டுக்கு மாதம் 3,000 என்று வைப்போம். தவணை 498 என்று எடுத்துக்கொள்கிறேன், அது எப்படி வந்தது என்பதைப் பிறகு பார்க்கலாம். கடைச் செலவு 1,600-உம் தவணை 498-உம் சேர்ந்து 2,098. இதை 92-ஆல் வகுத்தால் 22.8 வருகிறது, அதாவது 23 பிளவுஸ். இது கடைக் கோடு. மாதம் 23 தைத்தால் வாடகையும் தவணையும் கட்டிவிடலாம், ஆனால் வீட்டுக்கு ஒன்றும் மிஞ்சாது. வீட்டுக்கான 3,000-ஐயும் சேர்த்தால் 5,098. வகுத்தால் 55.4, அதாவது 56 பிளவுஸ். இது வீட்டுக் கோடு.

உச்சம் 75, தேவை 56. இடையில் 19 உருப்படி இடைவெளி இருக்கிறது. கடன் கொடுப்பவர் பார்க்க விரும்புவது இந்த இடைவெளியைத்தான். வீட்டுக் கோடு உங்கள் உச்சத்துக்கு மிக அருகில் வந்தால், ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தாலே தவணை தவறும் என்று பொருள். அப்போது கடன் தொகையையோ வாடகையையோ குறைக்க வழி பாருங்கள். 75 என்ற எண்ணைத் தூக்கி 95 ஆக்குவது வழியல்ல.

எல்லா மாதமும் 56 வருமா? சில மாதம் ஈயடிக்கிறதே.

ஆமாம், தையலில் சீசன் உண்டு. பண்டிகை, கல்யாண மாதங்களில் துணி குவியும், பிறகு வெறிச்சோடும். 56 என்பது ஆண்டு முழுவதற்கும் சராசரியாக வந்தால் போதும். வேலை குறைந்த 3 மாதம் 40 உருப்படிதான் வந்தது என்றால், மாதம் 16 உருப்படி குறைவு. 16-ஐ 92-ஆல் பெருக்கினால் 1,472, மூன்று மாதத்துக்கு 4,416. சீசனில் 3 மாதம் 75 தைத்தால் மாதம் 19 கூடுதல். அது 1,748, மூன்று மாதத்துக்கு 5,244. ஒன்று மற்றொன்றை ஈடுகட்டிவிடுகிறது. ஆனால் சீசனில் கூடுதலாக வந்ததைத் தொடாமல் தனியாக வைத்திருந்தால்தான்.

திட்டத்தில் இதற்கு ஒரு வரி கொடுங்கள்: எந்த மாதங்கள் குறைவு, எந்த மாதங்கள் கூடுதல், இடைவெளியை எதைக் கொண்டு நிரப்புவீர்கள். எல்லா மாதத்துக்கும் ஒரே எண்ணைப் போட்ட திட்டத்தை எழுதியவர் இந்தத் தொழிலில் இருந்ததில்லை என்றுதான் படிப்பவர் நினைப்பார்.

சீசனில் 75-ஐத் தாண்ட ஒரு வழியும் உண்டு. கொக்கி, ஹெம்மிங் வேலையைப் பக்கத்தில் ஒருவருக்கு உருப்படிக் கூலியில் கொடுத்துவிட்டால், உங்களுக்கு ஒரு பிளவுஸுக்கு 100 நிமிடம்தான். அதே 6 மணி நேரத்தில் மாதம் 90 வரை போகலாம். உருப்படிக்கு 10 கூலி கொடுத்தால் உங்களுக்கு நிற்பது 82. 90-க்கு 7,380. நீங்களே 75 தைத்தால் 6,900. 480 கூடுதல் கிடைக்கிறது, சொன்ன தேதிக்குத் துணியும் போய்ச் சேர்கிறது. வேலை குறைந்த மாதத்தில் இப்படி வெளியே கொடுக்கத் தேவையில்லை.

எவ்வளவு கடன் கேட்பது?

வாங்கும் பொருளை வரிசையாக எழுதினால் தொகை தானாக வந்துவிடும். நம் எடுத்துக்காட்டில் மோட்டாருடன் பவர் மிஷின் 5,500, மூன்று நூல் ஓவர்லாக் 3,500, வெட்டும் மேசை, அயர்ன், கண்ணாடி, கத்தரிக்கோல், அலமாரி எல்லாம் 2,500, மின் இணைப்பு வேலை 500. இதுவரை 12,000. அறைக்கு முன்பணம் 3,600, தொடக்க நூல், கொக்கி, கேன்வாஸ் 900, முதல் மாதங்களைத் தாண்டக் கைப்பணம் 3,500. மொத்தம் 20,000. இதில் சொந்தச் சேமிப்பு 5,000, கேட்கும் கடன் 15,000. சேமிப்பிலிருந்து முன்பணம் 3,600-ஐக் கொடுத்துவிட்டால் 1,400 கையில் நிற்கும். கடனில் 12,000 பொருளுக்கு, 900 நூல் வகைக்கு, மீதி 2,100 தொடக்க மாதங்களின் வாடகைக்கும் மின்சாரத்துக்கும்.

மிஷினுக்கு விலைப்பட்டியல் வாங்கும்போது கவனியுங்கள். சில இடங்களில் மிஷின் தலைக்கு மட்டும் விலை போட்டுக் கொடுப்பார்கள். மேசைப் பலகை, ஸ்டாண்ட், மோட்டார், ஏற்றுக்கூலி எல்லாம் பிறகு தனியாக வரும். இவை அனைத்தும் எழுதப்பட்ட பட்டியலாகக் கேளுங்கள். மோட்டாரில் சர்வோ என்றே எழுதச் சொல்லுங்கள். பழைய கிளட்ச் மோட்டார், நீங்கள் தைக்காமல் துணியைத் திருப்பிக்கொண்டிருக்கும்போதும் ஓடிக்கொண்டே மின்சாரம் தின்னும். சர்வோ, பெடலை மிதிக்கும்போதுதான் ஓடும், வேகத்தையும் குறைத்து வைக்கலாம். கால் மிஷினில் பழகிய கைக்கு அந்த மெதுவான வேகம் தொடக்கத்தில் பெரிய உதவி.

இரண்டு பவர் மிஷினாகக் கேட்டுவிடலாமா? பின்னால் ஆள் வைத்துக்கொள்ளலாமே.

வேண்டாம். இரண்டாவது மிஷினில் உட்கார ஆள் வரும் வரை அது சும்மா நிற்கும், தவணை மட்டும் ஓடும். உங்களிடம் உள்ள கால் மிஷினையே இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள். பவர் மிஷின் பழுதாகிச் சர்வீஸ் ஆள் வரும் வரை வேலை நிற்காது. "பழைய கால் மிஷின் கைவசம் உள்ளது, மாற்றாகப் பயன்படும்" என்று திட்டத்தில் எழுதினால் அதுவும் உங்கள் பங்காகத் தெரியும்.

தவணை 498 என்று எப்படி வந்தது? வட்டி 12 சதவீதம் என்றால் எல்லா இடத்திலும் ஒன்றுதானே?

ஒன்று இல்லை. எங்கே கடன் வாங்கினாலும் கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டிய கேள்வி, வட்டி குறையும் பாக்கிக்கா, முழுத் தொகைக்கா என்பதுதான்.

குறையும் பாக்கி முறையில், நீங்கள் கட்டக் கட்ட வட்டி மீதித் தொகைக்கு மட்டும் போடப்படும். ஆண்டுக்கு 12 சதவீதம், 36 மாதத் தவணை என்றால், வாங்கிய ஒவ்வொரு 100-க்கும் மாதம் 3.32 வரும். 15,000-க்கு 498. மொத்தம் கட்டுவது சுமார் 17,936.

நிலையான வட்டி முறையில், தொடக்கத்தில் வாங்கிய 15,000-க்கே மூன்று ஆண்டும் 12 சதவீதம் போட்டுவிடுவார்கள். வட்டி 5,400. கூட்டினால் 20,400, மாதத் தவணை 567. பாதிக் கடனை அடைத்த பிறகும் முழுத் தொகைக்கு வட்டி கட்டிக்கொண்டிருப்பீர்கள். குறையும் பாக்கி முறையில் சொன்னால் இது சுமார் 21 சதவீத வட்டிக்குச் சமம். வித்தியாசம் 2,464. கிட்டத்தட்ட 25 பிளவுஸ் தைத்த கூலி.

தொகையைப் பிளவுஸாக மாற்றிப் பார்ப்பது நல்ல பழக்கம். காப்பீடு, பதிவுக் கட்டணம், கோப்புக் கட்டணம் என்று கடனிலிருந்து முதலிலேயே பிடித்துக்கொள்ளும் தொகைகளையும் அப்படியே மாற்றிப் பாருங்கள். கையில் வந்து சேரும் தொகை 15,000-க்குக் குறைந்தால், எந்த வரிக்குப் பணம் போதாமல் போகும் என்பதையும் முன்பே கண்டுபிடித்துவிடலாம்.

கடை திறந்த முதல் மாதமே 56 வந்துவிடுமா?

வராது, வரும் என்று எழுதவும் வேண்டாம். முதல் மாதம் 30, இரண்டாம் மாதம் 40, மூன்றாம் மாதம் 50 என்று படிப்படியாக வையுங்கள். தவணை தொடங்க 3 மாத அவகாசம் கேளுங்கள். அவகாசத்திலும் வட்டி ஓடும் என்பதை மறக்க வேண்டாம். இங்கே மாதம் 150.

முதல் மாதம் 30 பிளவுஸில் நிற்பது 2,760. கடைச் செலவு 1,600 போக 1,160. வீட்டுக்கு வேண்டியதில் 1,840 குறைவு. இரண்டாம் மாதம் 3,680 வரும். அதில் கடைச் செலவு போக 2,080, குறைவு 920. மூன்றாம் மாதம் 4,600-இல் 1,600 போக சரியாக 3,000. மூன்று மாதக் குறைவு 2,760, வட்டி 450, ஆக 3,210. மேலே கைப்பணம் என்று 3,500 வைத்தது இந்தக் கணக்கைப் பார்த்துத்தான்.

"நடைமுறை மூலதனம்: 3,500" என்று மொட்டையாக எழுதினால், எதற்கு என்று கேள்வி வரும். 30, 40, 50 என்ற மூன்று எண்களையும் காட்டிவிட்டால் அந்தக் கேள்வி எழாது. வாங்கிய பணம் முழுவதையும் மிஷினில் போட்டுவிட்டு முதல் மாத வாடகைக்குக் கைமாற்று வாங்கும் நிலை பல கடைகளுக்கு வருகிறது. அந்தக் கைமாற்றுக்கும் சேர்த்துத் தைக்க வேண்டியிருக்கும்.

இதுவரை ரசீது எதுவும் போட்டதில்லை. தைக்கிறேன் என்பதற்கு என்ன ஆதாரம் காட்டுவது?

அளவு நோட்டு இருக்கிறதா? அதுதான் ஆதாரம். பெயர், உயரம், தோள், மார்பு, இடுப்பு, கை நீளம் என்று குறித்து வைத்திருப்பீர்களே, அதில் துணி வாங்கிய தேதி, கொடுத்த தேதி, வாங்கிய கூலி என்று மூன்று பத்திகளைச் சேர்த்து இன்றிலிருந்தே எழுதத் தொடங்குங்கள். மூன்று மாதம் எழுதிய நோட்டு, அழகாகத் தட்டச்சு செய்த வருமானக் கணிப்பைவிட அதிகம் பேசும். பழைய தேதிகளை நினைவிலிருந்து ஒரே மூச்சில் எழுதி நிரப்ப வேண்டாம். ஒரே பேனா, ஒரே கையெழுத்து, ஒரு அடித்தல்கூட இல்லை என்றால் பார்த்ததுமே தெரிந்துவிடும்.

கூலியில் ஒரு பகுதியாவது போன் வழியாகவோ வங்கிக் கணக்கிலோ வரச் செய்யுங்கள். நோட்டில் உள்ள தேதியும் கணக்கில் உள்ள தேதியும் ஒத்துப்போனால் வேறு சாட்சி பெரிதாகத் தேவைப்படாது.

இன்னொரு ஆதாரம், திரும்பி வருபவர்கள். மூன்று மாதத்தில் தைத்துக்கொண்ட 40 பேரில் 22 பேர் இரண்டாவது முறையும் வந்தார்கள் என்று நோட்டைப் பார்த்து எண்ணிச் சொல்ல முடிந்தால், "தேவை அதிகம்" என்ற வரியை எழுதவே வேண்டியதில்லை.

பள்ளிச் சீருடை மொத்த ஆர்டர் கிடைக்கும் போலிருக்கிறது. அதைத் திட்டத்தில் பெரிதாகப் போடலாமா?

எழுத்தில் கிடைத்திருந்தால் போடுங்கள், வாய்ச்சொல்லாக இருந்தால் வேண்டாம். எழுத்தில் இருந்தாலும் பணம் எப்போது வரும் என்று பாருங்கள். சீருடையில் உருப்படிக் கூலி குறைவு, எண்ணிக்கை அதிகம், பணம் தாமதம். ஒரு மாதம் முழுவதும் சீருடை தைத்துக் கொடுத்துவிட்டு இரண்டு மாதம் கழித்துப் பணம் வாங்கினால், நடுவில் வாடகையும் தவணையும் காத்திருக்காது. அந்த நேரத்தில் உங்கள் பிளவுஸ் வாடிக்கையாளர்களும் வேறு கடை பார்த்துவிடுவார்கள். துணியும் நீங்களே வாங்க வேண்டும் என்றால் இந்தக் கடன் அதற்குப் போதாது. அது வேறு கணக்கு.

என் கருத்தில், முதல் ஆண்டுத் திட்டத்தில் சீருடை இல்லாமலேயே வீட்டுக் கோடு எட்ட வேண்டும்.

தனி வாடிக்கையாளரிடமும் பணம் முடங்கும். தைத்து முடித்த துணி வாங்க ஆள் வராமல் அலமாரியில் தொங்கிக்கொண்டிருக்கும். வெட்டும் முன் பாதிக் கூலி முன்பணம் என்று வைத்துக்கொண்டால் இது வெகுவாகக் குறையும். திட்டத்திலும் அதை எழுதுங்கள்.

எழுதி முடித்த பக்கம் எப்படி இருக்கும்? ஒரு மாதிரி கிடைக்குமா?

இதை அப்படியே பார்த்து எழுதாமல் உங்கள் எண்களைப் போடுங்கள்.

> தொழில்: பெண்களுக்கான அளவுத் தையல், முக்கியமாக லைனிங் பிளவுஸ். வாடகை அறையில், நான் ஒருவரே தைப்பேன்.
>
> அனுபவம்: வீட்டில் கால் மிஷினில் தைத்து வருகிறேன். கடந்த 3 மாத அளவு நோட்டின் நகல் இணைப்பில்.
>
> திறன்: ஒரு பிளவுஸுக்கு 2 மணி நேரம் (வெட்ட 25 நிமிடம், தைக்க 75, கைவேலை 20). நாளுக்கு 6 மணி நேரம் தையல், 2 மணி நேரம் மற்ற வேலை. மாதம் அதிகபட்சம் 75.
>
> தேவையான பணம்: மிஷின், ஓவர்லாக், மேசை முதலியன 12,000. அறை முன்பணம் 3,600. நூல் வகை 900. தொடக்க மாதக் கைப்பணம் 3,500. மொத்தம் 20,000. என் பங்கு 5,000. கேட்கும் கடன் 15,000. விலைப்பட்டியல் இணைப்பில்.
>
> மாதக் கணக்கு: கூலி 100, நூல் வகை 8, நிற்பது 92. கடைச் செலவு 1,600. தவணை 498. வீட்டுக்கு 3,000. கடைச் செலவுக்கும் தவணைக்கும் 23 பிளவுஸ். வீட்டுக்கும் சேர்த்து 56.
>
> தொடக்கம்: 30, 40, 50 என முதல் 3 மாதம். தவணைக்கு 3 மாத அவகாசம் வேண்டுகிறேன்.
>
> சிக்கல் வந்தால்: வேலை குறைந்த மாதங்களுக்குச் சீசன் வருமானத்தில் ஒதுக்குவேன். மிஷின் பழுதானால் கால் மிஷின் உண்டு. பாதிக் கூலி முன்பணம் வாங்கிய பிறகே வெட்டுவேன்.

இவ்வளவுதான். ஒரு பக்கத்தில் அடங்கிவிடும், கையால் எழுதினாலும் அடங்கும். எழுதிய பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு, 92 எப்படி வந்தது, 56 எப்படி வந்தது என்று வீட்டில் யாருக்காவது பார்க்காமல் சொல்லிக் காட்டுங்கள். யாரோ எழுதிக் கொடுத்த பக்கத்தோடு போனால் இரண்டாவது கேள்வியிலேயே தடுமாற நேரிடும்.

கேட்டதைவிடக் குறைத்துத்தான் தருவேன் என்றால் என்ன செய்வது?

உடனே சரி என்று தலையாட்டிவிட வேண்டாம். எந்த வரியை வெட்டினால் கடை இன்னும் நிற்கும் என்று பாருங்கள். பலரும் முதலில் கைப்பணத்தை வெட்டுவார்கள், ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரியாத செலவு. நான் அதைத் தொட வேண்டாம் என்பேன். 30, 40 தைக்கும் மாதங்களில் உங்களைத் தாங்குவது அதுதான்.

ஓவர்லாக்கை வெட்டலாம். ஓரம் அடிக்க மட்டும் துணியைப் பக்கத்துக் கடையில் உருப்படிக்கு 5 கொடுத்துச் செய்துகொள்ளலாம். அப்போது கடன் 3,500 குறைந்து 11,500 ஆகும், தவணை 382. ஒரு பிளவுஸில் நிற்பது 92-லிருந்து 87 ஆகக் குறையும். கடைக் கோடு அதே 23. வீட்டுக் கோடு 56-லிருந்து 58 ஆகும். மாதம் 2 பிளவுஸ்தான் கூடுதல். போய் வரும் நேரத்தை மட்டும் கவனியுங்கள். தினமும் ஒரு தடவை சேர்த்துக் கொண்டுபோனால் சமாளிக்கலாம், ஒவ்வொன்றாகக் கொண்டுபோனால் 75 என்ற உச்சமே குறைந்துவிடும். பிறகு, வேலை குறைந்த மாதங்களுக்கு ஒதுக்கியது போகச் சீசன் பணத்தில் மிஞ்சுவதைச் சேர்த்து ஓவர்லாக்கைச் சொந்தமாக வாங்கிக்கொள்ளலாம்.

மாற்றிய எண்களைப் பழைய பக்கத்தில் அடித்துத் திருத்தாமல், புதிதாக ஒரு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டுக் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுங்கள். அதன் ஒரு நகல் உங்கள் அளவு நோட்டிலும் இருக்கட்டும்.